ஃப்ரிட்ஜுக்கு 1.6, ஹீட் பம்புக்கு 4.3: செயல்திறன் குணகத்தைக் கணக்கிட்டு ஒப்பிடும் முறை

வீட்டு ஃப்ரிட்ஜும் ஹீட் பம்பும் உள்ளே ஒரே இயந்திரம்தான். இரண்டிலும் ஒரு கம்ப்ரஸர் இருக்கிறது, வெப்பத்தை உறிஞ்சும் ஆவியாக்கிச் சுருள் ஒன்றும் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சர் சுருள் ஒன்றும் இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு மெல்லிய குழாயோ வால்வோ இருக்கிறது. அப்படியிருந்தும், செலவழிக்கும் மின்சாரத்தைப் போல எத்தனை மடங்கு குளிரோ சூடோ கிடைக்கிறது என்று சொல்லும் செயல்திறன் குணகம் ஃப்ரிட்ஜுக்கு 1.5 அருகிலும் ஹீட் பம்புக்கு 4 அருகிலும் சொல்லப்படுவதைப் பார்ப்பவர்கள், ஹீட் பம்பை ஏதோ மேம்பட்ட தொழில்நுட்பம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி வெறும் எண்ணும் முறையால் வருகிறது. மீதிப் பகுதி வெப்பத்தை எத்தனை டிகிரி மேலே ஏற்றவேண்டியிருக்கிறது என்பதால் வருகிறது. எது எவ்வளவு என்பதை எண்களாலேயே பிரித்துக் காட்டுவதற்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி.

எடுத்துக்கொள்ளும் நேர்வு இது. சென்னையில் 32 டிகிரி வெப்பமுள்ள ஒரு சமையலறையில் 250 லிட்டர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. அதே வீட்டின் மொட்டைமாடியில், 30 டிகிரி காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து 200 லிட்டர் தண்ணீரை 55 டிகிரிக்குச் சூடாக்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. கீழே வரும் வாட் அளவுகளும் ஓடும் நேரங்களும் இந்த அளவிலான கருவிகளுக்குப் பொருந்தும்படி நான் தேர்ந்துகொண்ட மாதிரி எண்கள். உங்கள் வீட்டுக் கருவியின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொண்டால் கணக்கு அப்படியே நடக்கும்.

படி 1: எதை எண்ணுகிறோம் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

குளிர்ந்த பக்கத்திலிருந்து எடுக்கப்படும் வெப்பத்தை Q_L என்றும், சூடான பக்கத்தில் கொட்டப்படும் வெப்பத்தை Q_H என்றும், கம்ப்ரஸருக்குக் கொடுக்கும் மின்சாரத்தை W என்றும் வைத்துக்கொள்வோம். ஆற்றல் அழியாது என்பதால், எடுத்த வெப்பமும் செலவழித்த மின்சாரமும் சேர்ந்துதான் சூடான பக்கத்தில் வந்து விழுகின்றன.

```
Q_H = Q_L + W
குளிர்க் குணகம்  = Q_L / W
வெப்பக் குணகம் = Q_H / W = குளிர்க் குணகம் + 1
```

ஃப்ரிட்ஜில் நமக்கு வேண்டியது குளிர். எனவே Q_L-ஐ எண்ணுகிறோம். ஹீட் பம்பில் நமக்கு வேண்டியது சூடு. எனவே Q_H-ஐ எண்ணுகிறோம். அதாவது, ஒரே இயந்திரத்தை ஒரே வெப்பநிலைகளில் ஓட்டினாலும், அதை ஹீட் பம்ப் என்று பெயரிட்ட கணமே குணகம் ஒன்று கூடிவிடும். விளம்பர எண்களை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் இந்த ஒன்றைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கூட்டல் விதி சரியாக வருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கம்ப்ரஸரின் மேலோட்டிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பத்தையும் Q_H-இல் சேர்க்க வேண்டும். ஃப்ரிட்ஜின் அடியில் இருக்கும் கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்த்தால் கை பொறுக்காத சூடு இருக்கும். அந்தச் சூடும் சமையலறைக்குள்தான் போகிறது என்பதால் அங்கே கணக்கு இயல்பாகவே ஒத்துவரும். மொட்டைமாடியில் திறந்த வெளியில் இருக்கும் ஹீட் பம்பின் கம்ப்ரஸர் ஓட்டிலிருந்து போகும் சூடு தண்ணீரில் சேராது. அங்கே வெப்பக் குணகம் இந்தக் கூட்டலைவிடச் சற்றே குறைவாக இருக்கும். கணக்கு எளிமையாக இருக்கட்டும் என்று அந்தச் சிறு இழப்பை இங்கே விட்டுவிடுகிறேன்.

படி 2: அறையின் வெப்பநிலையை அல்ல, சுருளின் வெப்பநிலையை எடுங்கள்

எந்தக் குளிர்சாதனமும் தாண்ட முடியாத எல்லையைத் தரும் சிந்தனையை 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ முன்வைத்தார். அந்த எல்லையை இன்றைய வடிவத்தில் எழுதினால், குளிர்ந்த பக்கத்தின் கெல்வின் வெப்பநிலையை இரு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். செல்சியஸ் எண்ணோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின் கிடைக்கும்.

```
கார்னோ எல்லை (குளிர்) = T_L / (T_H - T_L)
```

பாடப்புத்தகக் கணக்குகளில் ஃப்ரீஸரின் வெப்பநிலையையும் அறையின் வெப்பநிலையையும் நேரடியாக இந்த வாய்பாட்டில் போடுவார்கள். ஃப்ரீஸர் -18 டிகிரி, அதாவது 255 கெல்வின். சமையலறை 32 டிகிரி, அதாவது 305 கெல்வின். அப்படியானால் எல்லை 255 ÷ 50 = 5.1 என்று வரும். தேர்வுக்கு இது போதும். ஆனால் உண்மையான ஃப்ரிட்ஜுக்குள் வெப்பம் காற்றிலிருந்து சுருளுக்குள் தானாகப் பாய வேண்டுமென்றால், சுருள் காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். எனவே ஆவியாக்கி -25 டிகிரியில் ஓடும். அதேபோல் கண்டென்சர் சமையலறைக் காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பம் வெளியேறும். அது 45 டிகிரியில் ஓடும்.

```
ஃப்ரிட்ஜ்: T_L = 248 K, T_H = 318 K
எல்லை = 248 / 70 = 3.54
```

கம்ப்ரஸரில் உராய்வோ மோட்டாரில் இழப்போ எதையும் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை, அதற்குள்ளேயே 5.1 என்பது 3.54 ஆகிவிட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சுருள்களுக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்திலேயே போய்விட்டது.

இப்போது ஹீட் பம்பைப் பார்ப்போம். காற்று 30 டிகிரி என்றால் அதன் ஆவியாக்கி 20 டிகிரியில் ஓடும். தண்ணீர் 55 டிகிரியை நெருங்கும்போது கண்டென்சர் 60 டிகிரியில் இருக்க வேண்டும்.

```
ஹீட் பம்ப்: T_L = 293 K, T_H = 333 K
குளிர் எல்லை = 293 / 40 = 7.33
வெப்ப எல்லை = 333 / 40 = 8.33
```

சுருள்களை விட்டுவிட்டுக் காற்றையும் தண்ணீரையும் மட்டும் எடுத்திருந்தால் குளிர் எல்லை 303 ÷ 25 = 12.1 என்று வந்திருக்கும். அதாவது இங்கே சுருள்களுக்காக நாம் இழப்பது 40 சதவீதம், ஃப்ரிட்ஜைவிட அதிகம். ஏற்ற வேண்டிய டிகிரிகள் குறைவாக இருக்கும்போது, சுருளுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு டிகிரியும் அதிகமாகக் கடிக்கிறது. ஹீட் பம்ப் தயாரிப்பாளர்கள் பெரிய சுருளுக்கும் பெரிய விசிறிக்கும் காசு செலவழிப்பதன் காரணம் இந்த வகுத்தல்தான்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள்: ஹீட் பம்ப் இந்த 60 டிகிரியில் முழு நேரமும் ஓடுவதில்லை. 28 டிகிரித் தண்ணீரோடு தொடங்கும்போது கண்டென்சர் 40 டிகிரிக்கும் கீழேதான் இருக்கும், குணகமும் அப்போது நன்றாக உயர்ந்திருக்கும். நாம் எடுத்திருப்பது சூடாக்கலின் கடைசிக் கட்டம். இந்தக் கணக்கில் அது ஹீட் பம்புக்குப் பாதகமான எண்.

படி 3: எல்லையிலிருந்து நிஜத்துக்கு இறங்குங்கள்

கார்னோ எல்லையில் எவ்வளவு பங்கை ஒரு நிஜக் கம்ப்ரஸர் எட்டுகிறது என்பது மோட்டார், உராய்வு, கம்ப்ரஸருக்குள்ளேயே வாயு சூடாவது, மெல்லிய குழாயில் வீணாகும் அழுத்தம் எனப் பலவற்றைப் பொறுத்தது. வீட்டு ஃப்ரிட்ஜின் சிறு கம்ப்ரஸர்களுக்கு 40 முதல் 50 சதவீதம் என்பது நம்பத்தக்க வரம்பு. இரண்டு இயந்திரங்களுக்கும் நடுவில் 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே சதவீதத்தை எடுப்பது வேண்டுமென்றே செய்தது: கம்ப்ரஸரின் தரம் சமம் என்று வைத்த பிறகு மிஞ்சும் வித்தியாசத்தைத்தான் பார்க்க விரும்புகிறோம்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. 45 சதவீதத்தை எந்த எல்லையோடு பெருக்குவது? ஹீட் பம்பின் வெப்ப எல்லையான 8.33-ஐ 0.45-ஆல் பெருக்கினால் 3.75 வருகிறது. குளிர் எல்லையான 7.33-ஐ 0.45-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 4.3 வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. கம்ப்ரஸரின் குறைபாடு எல்லாம் மின்சாரம் வீணாவதாக வெளிப்படுகிறது. அப்படி வீணான மின்சாரமும் கடைசியில் சூடாக மாறித் தண்ணீருக்குள் போகிறது. எனவே வெப்பக் குணகத்தை வைத்து அளக்கும் சதவீதம் எப்போதும் சற்று அழகாகத் தெரியும். இரண்டு இயந்திரங்களை ஒப்பிடும்போது இருவருக்கும் குளிர்ப் பக்கத்திலேயே சதவீதத்தைப் போட்டு, பிறகு ஒன்றைக் கூட்டுவதே நேர்மையான வழி.

```
ஃப்ரிட்ஜ்:    3.54 × 0.45 = 1.6   (வெப்பமாக எண்ணினால் 2.6)
ஹீட் பம்ப்: 7.33 × 0.45 = 3.3   (வெப்பமாக எண்ணினால் 4.3)
```

தலைப்பில் இருக்கும் இரண்டு எண்களும் வந்துவிட்டன. 1.6-க்கும் 4.3-க்கும் இடையே உள்ள வித்தியாசம் 2.7. அதில் 1 எண்ணும் முறையால் வந்தது. மீதி 1.7 பெரும்பாலும், ஃப்ரிட்ஜ் 70 டிகிரி ஏற்ற வேண்டிய இடத்தில் ஹீட் பம்ப் 40 டிகிரி மட்டுமே ஏற்றுவதால் வந்தது. நாம் வைத்த கணக்குப்படி, கம்ப்ரஸரின் தொழில்நுட்ப மேன்மையால் வந்தது எதுவுமே இல்லை.

ஃப்ரிட்ஜின் பாவக்கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குள் கசியும் வெப்பத்தில் பெரும்பங்கு கீழ் அறை வழியாக வருகிறது. அங்கே வேண்டியது வெறும் 4 டிகிரிதான். ஆனால் ஒரே ஆவியாக்கி உள்ள சாதாரண ஃப்ரிட்ஜ், அந்த வெப்பத்தையும் -25 டிகிரிச் சுருளின் வழியாகவே எடுக்கிறது. கீழ் அறைக்கென்று தனி ஆவியாக்கி வைத்து -5 டிகிரியில் ஓட்டினால் 268 ÷ 50 × 0.45 = 2.4 என்று குணகம் வரும். தயிரையும் கீரையையும் காப்பதற்கு ஐஸ்கிரீமுக்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு ஆவியாக்கிகள் உள்ள மாடல்கள் சந்தையில் இருக்கின்றன என்றாலும், விலை காரணமாக அவை பெரும்பாலும் பெரிய ஃப்ரிட்ஜ்களிலேயே வருகின்றன.

கம்ப்ரஸர் கேட்டலாக்கைப் பார்த்து இந்த எண்களைச் சரிபார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர்களின் குணகத்தை அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் நிலையில், அதாவது ஆவியாக்கி -23.3 டிகிரி, கண்டென்சர் 54.4 டிகிரி என்ற நிலையில் அளந்து தருவார்கள். ஆனால் அந்தச் சோதனையில் திரவத்தை 32.2 டிகிரி வரை கூடுதலாகக் குளிர்விப்பதாகவும் வைத்துக்கொள்கிறார்கள். வேறு அளவீட்டு முறையில் அதே கம்ப்ரஸர் குறைந்த எண்ணைக் காட்டும். எந்த நிலையில் அளந்தது என்று எழுதப்படாத குணகத்தை வைத்து எதையும் ஒப்பிட வேண்டாம்.

படி 4: ஒரு நாள் முழுக்கக் கூட்டிப் பாருங்கள்

1.6 என்பது கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தின் குணகம். மின் கட்டணம் கட்டுபவருக்கு முக்கியம் நாள் முழுக்க வரும் குணகம். ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் 70 வாட் எடுத்து, ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரம் ஓடுகிறது என்று கொள்வோம். அதற்கு மட்டும் 630 வாட்-மணி ஆகிறது. அது எடுத்து வெளியேற்றும் வெப்பம் 1.6 × 630 = 1008 வாட்-மணி.

இதற்கு மேல் மூன்று சிறு செலவுகள் உண்டு. உள்ளே காற்றைச் சுழற்றும் 5 வாட் விசிறி 9 மணி நேரத்தில் 45 வாட்-மணி எடுக்கிறது. சுருளில் படியும் பனியை உருக்கும் ஹீட்டர் நாளுக்குச் சராசரியாக 40 வாட்-மணி எடுக்கிறது. மின்னணுப் பலகை 1 வாட் வீதம் 24 வாட்-மணி எடுக்கிறது. மொத்தம் 739 வாட்-மணி. ஆண்டுக்கு ஏறக்குறைய 270 யூனிட்.

விசிறியும் ஹீட்டரும் இரண்டு முறை நஷ்டம் தருகின்றன. மின்சாரத்தை எடுப்பது ஒன்று; எடுத்த மின்சாரத்தை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே சூடாக விடுவது இன்னொன்று. விசிறியின் 45 முழுவதும் உள்ளேயே விழுகிறது. ஹீட்டரின் 40-இல், உருகிய நீரோடு வெளியேறுவது போக 30 உள்ளே தங்குவதாக வைப்போம். அப்படியானால் உணவுக்கும் சுவர்க் கசிவுக்கும் பயன்பட்ட குளிர் 1008 − 75 = 933 வாட்-மணி.

```
நாள் முழுதுக்குமான குளிர்க் குணகம் = 933 / 739 = 1.26
```

ஹீட் பம்புக்கும் அதே நியாயத்தைச் செய்வோம். 200 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டிய வெப்பம் 200 × 4.186 × 27 = 22,604 கிலோஜூல்; 3600-ஆல் வகுத்தால் 6.28 யூனிட். கம்ப்ரஸர் 450 வாட் எடுத்தால் தண்ணீருக்குப் போவது 4.3 × 450 = 1935 வாட். 6.28 யூனிட்டைக் கொடுக்க மூன்றேகால் மணி நேரம் ஓட வேண்டும். கம்ப்ரஸரின் செலவு 1.46 யூனிட். 50 வாட் விசிறி 0.16 யூனிட் எடுக்கும். மொத்தம் 1.62 யூனிட்.

```
நாள் முழுதுக்குமான வெப்பக் குணகம் = 6.28 / 1.62 = 3.9
```

இங்கே விசிறி வெளிக்காற்றில் இருப்பதால் ஒரு முறைதான் நஷ்டம். பனி படியாததால் உருக்கும் வேலையும் இல்லை. சாதாரண கீஸர் இதே தண்ணீருக்கு 6.28 யூனிட் எடுத்திருக்கும். காற்றிலிருந்து வந்தது 6.28 − 1.46 = 4.82 யூனிட், அந்த எண்ணைக் கடைசிப் படியில் மறுபடி எடுப்போம்.

படி 5: டிகிரிகளை நகர்த்திப் பாருங்கள்

எண்களைப் புரிந்துகொள்வதற்கு நல்ல வழி ஒரே ஒரு வெப்பநிலையை மாற்றிவிட்டு வாய்பாட்டை மறுபடி ஓட்டுவது. ஃப்ரிட்ஜை மூலையில் தள்ளி, இரு பக்கமும் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டோம் என்று வையுங்கள். இன்றைய மாடல்கள் பலவற்றில் கண்டென்சர் பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்ளேயே ஒட்டப்பட்டிருப்பதால், காற்று போக இடமில்லாமல் அது 52 டிகிரிக்கு ஏறிவிடும். 248 ÷ 77 × 0.45 = 1.45. அதே குளிருக்கு மின்சாரம் பத்து சதவீதம் கூடும். பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடுகிறது, கம்ப்ரஸர் அணையும் இடைவெளிகள் குறைந்துகொண்டே போகின்றன என்றால் இதுதான் நடக்கிறது.

ஹீட் பம்பில் இதற்கு நேர் எதிரான நல்ல செய்தி இருக்கிறது. தண்ணீரை 55-க்குப் பதிலாக 50 டிகிரியில் நிறுத்தினால் கண்டென்சர் 55 டிகிரியில் இருந்தாலே போதும். 293 ÷ 35 × 0.45 = 3.77, ஒன்றைக் கூட்டினால் 4.77. சென்னையில் குளிப்பதற்கு 50 டிகிரித் தண்ணீரே விளாவிக் குளிக்க வேண்டிய சூடு. ஆனால் தேங்கிய வெந்நீரில் கிருமி வளராமலிருக்க இடையிடையே 60 டிகிரிக்கு ஏற்றும் ஏற்பாடு பல தொட்டிகளில் உண்டு; அதை அணைத்துவிட வேண்டாம்.

இப்போது ஹீட் பம்பை அதன் கடினமான வேலைக்கு அனுப்புவோம். ஆஸ்லோவில் வெளியே -10 டிகிரிக் குளிர். ஆவியாக்கி -18 டிகிரியில் ஓடுகிறது, வீட்டுத் தரைக்கு அடியில் ஓடும் 35 டிகிரித் தண்ணீருக்காக கண்டென்சர் 40 டிகிரியில் நிற்கிறது. ஏற்றம் 58 டிகிரி. 255 ÷ 58 × 0.45 = 1.98, வெப்பமாக எண்ணினால் 2.98. அதே வீட்டில் பழைய ரேடியேட்டர்களுக்காக 55 டிகிரித் தண்ணீர் வேண்டுமென்றால் கண்டென்சர் 60 டிகிரிக்குப் போகும், குணகம் 2.47 ஆகிவிடும். இந்தக் கடைசி நேர்வில் ஏற்றம் 78 டிகிரி. நம் சமையலறை ஃப்ரிட்ஜைவிட அதிகம். குளிர்ப் பக்கத்தில் எண்ணினால் அந்த ஹீட் பம்பின் குணகம் 1.47, அதாவது ஃப்ரிட்ஜைவிடக் குறைவு. ஒன்றைக் கூட்டி எண்ணுவதால் மட்டுமே அது மரியாதையாகத் தெரிகிறது.

படி 6: உங்கள் ஃப்ரிட்ஜை அளந்து பாருங்கள்

ப்ளக்கில் செருகி யூனிட் காட்டும் ஒரு மீட்டர், ஒரு சமையலறைத் தெர்மாமீட்டர், ஆறு ஒரு-லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் ஆகியவை போதும். முதல் நாள் ஃப்ரிட்ஜைத் திறக்காமல், 24 மணி நேரத்துக்கு எவ்வளவு எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் 740 வாட்-மணி. அடுத்த நாள் அதே நேரத்தில் 30 டிகிரித் தண்ணீர் நிரம்பிய ஆறு பாட்டில்களைக் கீழ் அறையில் வைத்து, கதவைச் சட்டென்று மூடிவிட்டு, மறுபடி 24 மணி நேரம் விடுங்கள். கடைசியில் தண்ணீரின் வெப்பநிலையைப் பாருங்கள். அது 5 டிகிரி, மீட்டர் காட்டுவது 862 வாட்-மணி என்று கொள்வோம்.

```
எடுத்த வெப்பம் = 6 × 4.186 × 25 = 628 kJ = 174 Wh
கூடுதல் மின்சாரம் = 862 - 740 = 122 Wh
குணகம் = 174 / 122 = 1.43
```

இது 1.6-உம் இல்லை, 1.26-உம் இல்லை. காரணம் எளிது. பாட்டில்களுக்காகக் கூடுதலாக ஓடியது கம்ப்ரஸரும் விசிறியும் மட்டுமே. பனி உருக்கும் ஹீட்டரின் செலவும் மின்னணுப் பலகையின் செலவும் முதல் நாளில் இருந்தபடியேதான் இருக்கின்றன, எனவே கழித்தலில் மறைந்துவிடுகின்றன. கம்ப்ரஸர் 112 வாட் வெப்பத்தை எடுக்கும்போது விசிறி 5 வாட்டை உள்ளே விடுகிறது. மீதி 107-ஐ மொத்த 75 வாட்டால் வகுத்தால் அதே 1.43.

இந்தச் சோதனையைக் கெடுப்பவை இரண்டு. சமையலறையின் வெப்பநிலை இரு நாட்களிலும் ஒன்றாக இல்லையென்றால் 122 என்ற சிறிய கழித்தல் முழுவதும் அதிலேயே அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு நாளில் பனி உருக்கும் சுற்று இரண்டு முறையும் மறு நாளில் ஒரு முறையும் விழுந்தாலும் அப்படித்தான். விடை 3-க்கு மேல் வந்தாலோ 0.7-க்குக் கீழே வந்தாலோ ஃப்ரிட்ஜைச் சந்தேகிக்க வேண்டாம். முதல் நாள் அளவைச் சந்தேகியுங்கள். வாட்-மணியில் காட்டாமல் யூனிட்டின் நூறில் ஒரு பங்காக மட்டும் காட்டும் மீட்டர்களில் 10 வாட்-மணிப் பிழை சாதாரணம். அது மட்டுமே விடையை எட்டு சதவீதம் அசைத்துவிடும்.

படி 7: வெப்பம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

ஃப்ரிட்ஜை வெப்பமாக எண்ணினால் குணகம் 2.6 என்று பார்த்தோம். அப்படியானால் குளிர்நாட்டு வீட்டில் ஃப்ரிட்ஜ் ஒரு மலிவான ஹீட்டராகப் பயன்படுமா? பயன்படாது. அது கண்டென்சர் வழியாக அறைக்குள் கொட்டும் வெப்பத்தில் பெரும்பகுதி, சற்று முன்புதான் அதே அறையிலிருந்து சுவர் வழியாகப் பெட்டிக்குள் கசிந்தது. அறையைச் சுற்றி ஒரு கோடு போட்டால் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வருவது 739 வாட்-மணி மின்சாரம் மட்டுமே. எனவே அறைக்கு ஃப்ரிட்ஜ் தரும் வெப்பத்தின் குணகம் சரியாக 1. சாதாரண ஹீட்டர் கம்பிக்கும் அதே எண்தான். வெளியிலிருந்து சூடான சாம்பாரைக் கொண்டுவந்து உள்ளே வைத்தால் மட்டும் அதன் சூடு கூடுதல் வரவாகும். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து அறையைக் குளிர்விக்க முடியாததும் இதே காரணத்தால்தான்.

ஹீட் பம்பிலும் இந்தக் கோட்டைப் போட வேண்டும். நம் மொட்டைமாடி இயந்திரம் 4.82 யூனிட் வெப்பத்தை வெளிக்காற்றிலிருந்து எடுத்தது. சென்னையில் அதற்கு யாரும் காசு கேட்பதில்லை. அதையே வீட்டுக்குள் காற்றோட்டமான ஓர் இடத்தில் வைத்தால், வெளியேறும் குளிர்ந்த காற்று உபரி லாபம். 20 டிகிரிச் சுருளில் ஈரமும் படியும்: எடுத்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஒடுக்கப் போனால், வடிகுழாயில் ஏறக்குறைய இரண்டேகால் லிட்டர் தண்ணீர் சொட்டும். குழாயை எங்காவது கொண்டுபோய் விட ஏற்பாடு செய்யாவிட்டால் தரை நனையும்.

அதே அளவு வெந்நீர் தரும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரை டொராண்டோவில் வீட்டின் அடித்தளத்தில் வைக்கிறார்கள் என்று கொள்வோம். ஜனவரியில் அந்த 4.82 யூனிட் வீட்டுக் காற்றிலிருந்து போகிறது, விசிறியின் 0.16 யூனிட் மட்டும் சூடாகத் திரும்பி வருகிறது. வீட்டை மின்சார ஹீட்டரால் சூடாக்குகிறார்கள் என்றால், இழந்ததை ஈடுகட்ட 4.66 யூனிட் வேண்டும். அதோடு இயந்திரம் எடுத்த 1.62-ஐக் கூட்டினால் 6.28, கீஸர் எடுத்திருக்கும் அதே எண். அட்டையில் 3.9 என்று போட்டிருக்கும் இயந்திரத்தின் குணகம் அந்த மாதம் அந்த வீட்டில் 1. வீட்டை எரிவாயுவால் சூடாக்கினால் 4.66 யூனிட் எரிவாயுவுக்கு மாறுகிறது, மின் கட்டணம் குறைகிறது, எரிவாயுக் கட்டணம் ஏறுகிறது. வெளிக்காற்றில் இயங்கும் ஹீட் பம்பே வீட்டையும் சூடாக்கி, அதன் குணகம் 3 என்றால், 4.66-ஐ ஈடுகட்ட 1.55 யூனிட் போதும், மொத்தம் 3.17, ஆகவே வெந்நீரின் குணகம் ஏறக்குறைய 2. ஜூலையில் அதே அடித்தளத்தில் அந்த 4.82 யூனிட்டை யாரும் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை; அப்போது அட்டையில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.